வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு நம் வீட்டில் அடிபட்டால்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்க்கும் வேலையில் இருப்பதால், பாளையங்கோட்டை, பெருமாள்புரம், கே.டி.சி. நகர், மேலப்பாளையம் என்று எங்கே போனாலும் யாராவது இதைக் கேட்பார்கள். அதிலும் மார்கழி கடைசியில், பொங்கலுக்கு வீடு ஒதுங்கவைக்கும் நாட்களில், கேள்விகள் ஜாஸ்தி. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"அண்ணாச்சி, வேலைக்கு வாற அக்கா ஒட்டடை அடிக்கும்போது ஸ்டூல்ல இருந்து விழுந்து மணிக்கட்டு உடைஞ்சு போச்சு. சட்டப்படி நான் பணம் கொடுக்கணுமா?"

ஆஸ்பத்திரிச் செலவை இப்போது கொடுத்துவிடுங்கள், சட்டத்தைப் பிறகு பேசலாம். அதைச் சொல்லிவிட்டே பதிலுக்கு வருகிறேன்.

தொழிற்சாலையில், கட்டட வேலையில் அடிபட்டால் முதலாளி மேல் தப்பு இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே இல்லாமல் இழப்பீடு வாங்கித்தரும் சட்டம் ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது. 1923ஆம் வருஷத்துச் சட்டம், பழைய ஆட்கள் 'டபிள்யூ.சி. ஆக்ட்' என்பார்கள். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. கணக்குப் போடும் முறை ஏறக்குறைய அதேதான். ஆனால் இந்த இழப்பீடு எல்லோருக்கும் கிடையாது. எந்தெந்த வேலை செய்பவருக்கு உண்டு என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் 'வீட்டு வேலை செய்பவர்' என்று ஒரு வரி இல்லை. வீட்டை நிறுவனம் என்றும் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. அதனால் பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைத்து, சமைத்துவிட்டுப் போகும் அக்காவுக்கு அடிபட்டால் தானாக வந்து சேரும் இழப்பீடு இல்லை.

இது நியாயமா என்றால் இல்லை என்றுதான் சொல்வேன். மில்லில் ஒரு விரல் போனால் அதற்கு சதவிகிதம் எழுதி வைத்திருக்கிற சட்டம், நம் அடுப்படியில் வெந்நீர் கொட்டிக் கை வெந்தவரைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் கேட்டது சட்டம் என்ன சொல்கிறது என்பதை, அது இதுதான்.

"அப்போ நம்ம மேல ஒண்ணும் வராதுன்னு எடுத்துக்கலாமா?"

எடுத்துக்கொள்ளக் கூடாது. தானாக வரும் இழப்பீடு இல்லை என்றுதான் சொன்னேன், பொறுப்பே இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் கவனக்குறைவால் அடிபட்டது என்று காட்ட முடிந்தால், அவர் சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். உயிர் போயிருந்தால் குடும்பத்தார் 1855ஆம் வருஷத்து உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

எது கவனக்குறைவு என்பதுதான் விஷயம். நல்ல ஏணி இருந்து, ஒருவர் பிடித்துக்கொண்டு, அப்படியும் கால் தவறி விழுந்தால் உங்கள் மேல் தப்பு சொல்வது கஷ்டம். கால் விரிந்த பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் இன்னொரு முக்காலியைப் போட்டு 'சும்மா ஏறுங்கக்கா, நான் இருக்கேன்' என்று சொல்லிவிட்டு போன் வந்ததும் வெளியே போய்விட்டீர்கள் என்றால் கதை வேறு. மொட்டைமாடிப் படியும் அப்படித்தான். ஐப்பசி கார்த்திகை மழைக்கு வெளிப்படியில் பாசி பிடித்துக் கிடக்கும், நீங்கள் ஏறுவதில்லை, துணி காயப்போட அவர்தான் ஈரத்துணிக் கூடையோடு ஏறுவார். அவர் ஒரு தடவை 'வழுக்குதும்மா' என்று சொல்லியும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கவில்லை என்றால், அந்த ஒரு சொல்லே வழக்கில் பெரிய சாட்சி. தோல் உரிந்த ஒயரோடு மிக்ஸி, எர்த் இல்லாத மோட்டார் சுவிட்ச், கைப்பிடி ஆடும் குக்கர், இதெல்லாம் உங்களுக்கு முன்னமே தெரிந்திருந்தது என்றால் பொறுப்பும் உங்களுடையதே.

அவர் பக்கத்திலும் அஜாக்கிரதை இருந்தால் கோர்ட் தொகையைக் குறைக்கும். அதற்காக முழுசாகத் தள்ளிவிடாது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

"வெள்ளையடிக்க தனி ஆள் வைக்காம, வீட்டு வேலை அக்காவையும் அவங்க வீட்டுக்காரரையும் நாள் கூலிக்கு விட்டேன். அவர் சாரத்துல இருந்து விழுந்துட்டார்."

இங்கேதான் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மேலே சொன்ன பட்டியலில் வீட்டு வேலை இல்லை, ஆனால் கட்டடம் கட்டுவது, பராமரிப்பது, பழுது பார்ப்பது, இடிப்பது இருக்கிறது. அதற்கு ஒரு அளவும் உண்டு: கட்டடம் ஒரு தளத்துக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது தரையிலிருந்து கூரை உச்சிவரை 12 அடியோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். மாடி வீடு எல்லாமே இதில் வந்துவிடும். நம் கிராமத்து ஓட்டு வீட்டுக்கும் உச்சி 12 அடியைத் தாண்டுவது சாதாரணம், டேப் வைத்து அளந்து பாருங்கள்.

ஆக அதே மனிதர் காலையில் முற்றம் பெருக்கும்போது அடிபட்டால் ஒரு சட்டம், மத்தியானம் நீங்கள் சொன்னதற்காக ஓடு மாற்ற ஏறி விழுந்தால் இன்னொரு சட்டம். இரண்டாவதில் உங்கள் தப்பைக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. வேலை செய்யும்போது அடிபட்டது என்றாலே போதும். தினக்கூலிதானே, ஒரு நாள் வேலைதானே என்ற சாக்கும் செல்லாது; தற்காலிக வேலையாளை விலக்கி வைத்த வாசகத்தை 2000ஆம் வருஷமே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இதே வேலையை ஒரு காண்டிராக்டரிடம் மொத்தமாகப் பேசி விட்டிருந்தால், ஆள் வைத்தவர் அவர், முதல் பொறுப்பும் அவருடையதே. நீங்களே கூலி பேசி, நீங்களே பெயிண்ட் வாங்கிக் கொடுத்து, நீங்களே சாயங்காலம் காசு கொடுத்தால் முதலாளி நீங்கள்தான். நூறு இருநூறு மிச்சம் பிடிக்கப் போய் இந்த இடத்தில் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தொகை எவ்வளவு வரும்? உயிர் போனால் மாதக் கூலியில் பாதியை, வயதுக்கென்று அட்டவணையில் கொடுத்திருக்கும் ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. மாதக் கூலி எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய் என்பது 2020 ஜனவரியில் அறிவித்த உச்சவரம்பு. 7,500ஐ 184.17ஆல் பெருக்கினால் 13,81,275 ரூபாய். அதுவும் இறந்தவர் குடும்பத்தாரிடம் நேரில் கொடுக்கக் கூடாது, அதற்கென்று உள்ள அதிகாரியிடம் கட்ட வேண்டும். நேரில் கொடுத்தால் கொடுத்ததாகவே கணக்கில் வராது.

"ஆஸ்பத்திரியில எப்படி அடிபட்டுச்சுன்னு கேட்டாக. போலீஸ் கேஸ் ஆயிரும்னு 'அவங்க வீட்டுல வழுக்கி விழுந்துட்டாங்க'ன்னு சொல்லிட்டோம். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும், விபத்து என்று வந்தால் டூட்டி டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவார். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி என்று இரண்டு மூன்று வரிதான். அதன் நகலைத்தான் 'ஏ.ஆர். காப்பி' என்கிறோம். பிற்பாடு எந்தக் காப்பீட்டில் பணம் கேட்டாலும், எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் எல்லோரும் முதலில் புரட்டிப் பார்க்கும் தாள் அதுதான்.

அதில் 'சொந்த வீட்டில் குளியலறையில் வழுக்கி விழுந்து' என்று எழுதிவிட்டு, ஒரு மாசம் கழித்துக் கோரிக்கைப் படிவத்தில் 'வேலை செய்யும் வீட்டில் ஸ்டூலிலிருந்து விழுந்து' என்று எழுதினால் கம்பெனிக்காரன் சந்தோஷமாக நிறுத்திவைப்பான். உங்களைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய், நீங்கள் பிரீமியம் கட்டிய பாலிசியையே முடக்கிவிடும். அதைவிட மோசம், பிறகு அந்த அக்கா உண்மையைச் சொன்னால் நீங்கள் சொல்லிக்கொடுத்துப் பொய் சொல்லவைத்ததும் சேர்ந்து வெளியே வரும்.

போலீஸைப் பற்றிய பயம் கொஞ்சம் அதிகப்படி. ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போகும், வந்து வாக்குமூலம் கேட்பார்கள். தானாக விழுந்தேன், யார் மேலும் புகார் இல்லை என்று அவரே சொன்னால் கை உடைந்த விஷயம் பெரும்பாலும் அதோடு நிற்கும். கண்மூடித்தனமான அலட்சியம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 125ஆம் பிரிவு இருக்கிறது, உயிர் போனால் 106ஆம் பிரிவு. கரண்ட் அடித்த விஷயங்களில்தான் இது நிஜமாகவே வரும், அப்போது வக்கீலைப் பார்க்காமல் ஒன்றும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

ஏற்கனவே தப்பாகச் சொல்லியாகிவிட்டது என்றால், டிஸ்சார்ஜுக்கு முன்பாகவே அந்த டாக்டரிடம் அக்காவே நேரில் சரியான விவரத்தைச் சொல்லிக் கேஸ் ஷீட்டில் பதியச் சொல்லட்டும். பழைய வரியை அழிக்கமாட்டார்கள், ஆனால் அதன் கீழே இதுவும் இருக்கும்.

"நியாயமா எவ்வளவு கொடுக்கலாம்? ஆளாளுக்கு ஒரு தொகை சொல்லுதாக."

ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். இசக்கியக்கா என்று வைத்துக்கொள்வோம், வயது 40. உங்கள் வீட்டில் மாதம் 6,000, இன்னும் இரண்டு வீட்டில் சேர்த்து 8,000, ஆக மொத்தம் 14,000. வலது மணிக்கட்டில் முறிவு. மாவுக்கட்டு ஆறு வாரம், அதைப் பிரித்த பிறகும் விரல் மடங்காமல் பயிற்சி, குடம் தூக்க, துணி பிழிய மூன்று மாசம் ஆகும் என்று டாக்டர் சொல்கிறார்.

முதலில் மருத்துவம். பட்டியலில் உள்ள தொழிலாளியாக இருந்தால் உண்மையான செலவு முழுசும் முதலாளி பொறுப்பு. இவர் அதில் இல்லை, இருந்தாலும் அதே அளவைத்தான் நான் சொல்வேன். மாவுக்கட்டு, எக்ஸ்ரே, மருந்து, ஆட்டோ, பிறகு பயிற்சிக்குப் போய்வரும் செலவு எல்லாம். பணத்தைக் கையில் கொடுப்பதைவிட ஆஸ்பத்திரிக் கணக்குக்கே கட்டி ரசீது வாங்குங்கள்.

அடுத்தது கூலி. இதில்தான் வழக்கமாகத் தகராறு. 'நான் மாசம் 6,000 வீதம் மூணு மாசம் 18,000 கொடுத்துட்டேன், வேற என்ன' என்பார் வீட்டுக்காரர். ஆனால் அக்காவுக்குப் போனது 18,000 இல்லை, 42,000. மற்ற இரண்டு வீட்டிலும் வேலை நின்றுவிட்டதே. அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் சும்மா இருக்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கப் போவதில்லை, பாதி நேரம் அடுத்த வாரமே வேறு ஆள் வைத்துவிடுவார்கள். கோர்ட்டுக்குப் போனால் நஷ்டம் என்று கணக்கிடுவது அவர் இழந்ததைத்தான், நீங்கள் கொடுத்துவந்ததை மட்டும் இல்லை.

இழப்பீட்டுச் சட்டத்தின் அளவுகோலை வைத்துப் பார்த்தால், தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒரு தடவை மாதக் கூலியில் கால் பங்கு. 14,000 என்றால் அரை மாதத்துக்கு 3,500, மாசத்துக்கு 7,000, மூன்று மாசத்துக்கு 21,000. அதாவது சட்டமே பாதிக் கூலிதான் தருகிறது. என்னைக் கேட்டால் 21,000 என்பது அடி, 42,000 என்பது உச்சி. தப்பு உங்கள் பக்கம் தெளிவாக இருந்தால் உச்சிக்குப் பக்கத்தில் பேசி முடியுங்கள்.

மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கை முழுசாகச் சரியாகாமல் போனால்? மணிக்கட்டு முறிவில் கட்டுப் பிரித்த அன்று இது தெரியாது. ஐந்தாறு மாசம் கழித்து, பிழிந்த துணியில் தண்ணீர் சொட்டுகிறதா, சப்பாத்தி மாவு பிசைய முடிகிறதா என்பதில் தெரியும். எலும்பு டாக்டர் பார்த்து சம்பாதிக்கும் திறனில் 10 சதவிகிதம் நிரந்தரமாகப் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தால், அதே அளவுகோலில் மாதக் கூலியில் 60 சதவிகிதம், அதாவது 8,400ஐ 184.17ஆல் பெருக்கி 15,47,028, அதில் பத்து சதவிகிதம் ஏறக்குறைய 1,54,700 ரூபாய். கூலியை 6,000 என்று வைத்தால் இதே 66,300 ஆகிவிடும். எந்தக் கூலியை எடுப்பது என்பதில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

இந்தத் தொகையை நீங்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் பேச்சுவார்த்தையில் உட்காரும் எந்த வக்கீலும் கையில் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான், அதனால் உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

"இருபதாயிரம் கொடுத்து, இனி ஒண்ணும் கேக்க மாட்டேன்னு பத்திரத்துல எழுதி வாங்கிரலாம்லா?"

கட்டட வேலை மாதிரி பட்டியலில் உள்ள வேலையில் அடிபட்டிருந்தால் அந்தப் பத்திரம் வீண். சட்டம் கொடுத்த உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பேசி முடித்த தொகையையும் அதிகாரியிடம் பதிய வேண்டும்.

வீட்டு வேலை என்றால் பத்திரத்துக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு, ஆனால் மாவுக்கட்டோடு இருக்கும் ஆளிடம், எழுதப் படிக்கத் தெரியாதவரிடம், இடது கைப் பெருவிரலை வைத்து வாங்கிய காகிதத்தை எந்த ஜட்ஜும் அப்படியே நம்பமாட்டார். அதைவிடக் கொடுத்த ஒவ்வொரு தொகைக்கும் 'இன்ன தேதி, இன்ன செலவுக்கு, இவ்வளவு' என்று தமிழில் ஒரு வரி எழுதி, அவர் வீட்டிலிருந்து படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையை வைத்து வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

மொத்தமாக முடிக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கு நல்ல வழி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. கோர்ட்டில் வழக்குப் போடாமலேயே இரண்டு பேரும் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்துக்கொள்ளலாம். அங்கே போடும் முடிவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது, கட்டணமும் கிடையாது. இரண்டு பக்கமும் நிம்மதியாகத் தூங்கலாம்.

"நம்ம வீட்டுக்குத்தான் இன்சூரன்ஸ் போட்டிருக்கே, அதுல வராதா?"

பாலிசியை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். பேங்க்கில் வீட்டுக் கடன் வாங்கும்போது போட்டது என்றால் அநேகமாக 'பாரத் கிருஹ ரக்ஷா'. அது கட்டடத்துக்கும் வீட்டுச் சாமானுக்கும். தாமிரபரணி வெள்ளம் உள்ளே வந்தால் உதவும், வேலைக்கு வரும் அக்கா விழுந்தால் உதவாது. அதில் சேர்த்துக்கொள்ளும் விபத்துக் காப்பீடும் வீட்டுக்காரருக்கும் துணைவருக்கும்தான்.

'ஹவுஸ்ஹோல்டர்ஸ்' என்று பல பிரிவுகளாக வரும் பாலிசி வேறு. அதில் பொறுப்புக் காப்பீடு என்று ஒரு பிரிவு இருக்கும், வீட்டு வேலையாட்களுக்கான பொறுப்பை அதில் தனியாகச் சேர்க்கலாம். சேர்த்தால்தான் உண்டு. மூன்றாம் நபர் பொறுப்பு இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்; உங்களிடம் சம்பளம் வாங்குபவர் அந்த வகையில் மூன்றாம் நபர் இல்லை என்று வாசகம் இருக்கும்.

இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது, ஏஜெண்டுகளே பல பேர் சொல்வதில்லை. பொறுப்புக் காப்பீடு என்பது நீங்கள் சட்டப்படி கொடுத்தாக வேண்டிய பணத்தை உங்களுக்காகக் கொடுப்பது. வீட்டு வேலைக்குத் தானாக வரும் இழப்பீடு இல்லை என்று முதலிலேயே பார்த்தோம் இல்லையா, அப்புறம் உங்கள் கவனக்குறைவும் நிரூபணமாகவில்லை என்றால் 'உங்களுக்குப் பொறுப்பே இல்லையே, நாங்கள் எதைக் கொடுக்க' என்று கேட்பார்கள். நீங்கள் மனசு கேட்காமல் கொடுத்த 40,000 உங்கள் கைக்காசு. பொறுப்பை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டாலும் சிக்கல், கம்பெனியைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது பாலிசியின் நிபந்தனை. ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டுவது வேறு, 'என் தப்புதான்' என்று எழுதுவது வேறு.

"அப்போ எதைத்தான் போட?"

அவர் பேரிலேயே தனிநபர் விபத்துக் காப்பீடு. பிரீமியம் நீங்கள் கட்டுங்கள். யார் தப்பு, எந்தச் சட்டம் என்ற பேச்சு அதில் இல்லை. விபத்தில் அடிபட்டது என்றால் பணம். எங்கே அடிபட்டது என்றும் பார்ப்பதில்லை, மற்ற இரண்டு வீட்டிலோ பஸ்ஸிலோ அடிபட்டாலும் சரி.

வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: தற்காலிகமாக முழுசாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு வாராந்தரத் தொகை உண்டா? சாவுக்கும் உறுப்பிழப்புக்கும் மட்டும் தருகிற மலிவுப் பாலிசியைத் தலையில் கட்டிவிடுவார்கள், அது மணிக்கட்டு முறிவுக்கு ஒரு காசும் தராது. நம் வீடுகளில் நடப்பதோ பெரும்பாலும் முறிவும் தீக்காயமும்தான். வாராந்தரத் தொகை பொதுவாகக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவிகிதம், அதற்கும் ஒரு உச்சவரம்பு இருக்கும். 3 லட்சத்துக்குப் போட்டிருந்தால் வாரம் 3,000, பன்னிரண்டு வாரத்துக்கு 36,000. இசக்கியக்கா இழந்த 42,000க்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள்.

வருமானத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள். மூன்று வீட்டுக்காரர்களும் சம்பளம் இவ்வளவு என்று ஆளுக்கொரு கடிதம் எழுதிக் கொடுங்கள், முடிந்தால் சம்பளத்தைப் பேங்க்கில் போடுங்கள். மூன்று வீடும் சேர்ந்து பிரீமியத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் ஒருவருக்கும் பாரமில்லை. வாரிசு நியமனத்தில் அவர் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டோடு உங்கள் கடை, மெஸ், டியூஷன் சென்டர் ஏதாவது இருந்து அதையும் அவர்தான் கூட்டுகிறார் என்றால் அதைக் கம்பெனியிடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால் பிறகு அதுவே காரணமாகும்.

"பேங்க்கில இருபது ரூபா பிடிக்காகளே, அது போதாதா?"

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா. அதை அவசியம் போடுங்கள், ஆனால் எதற்கு என்று தெரிந்துகொண்டு போடுங்கள். வருஷத்துக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயதுவரை, ஜூன் 1 முதல் மே 31 வரை. விபத்தில் இறந்தால் 2 லட்சம், இரண்டு கண்ணோ இரண்டு கையோ போனாலும் 2 லட்சம், ஒரு கண் அல்லது ஒரு கை, கால் போனால் 1 லட்சம். மருத்துவச் செலவு கிடையாது, கூலி கிடையாது, முறிந்து கூடிய எலும்புக்கு ஒன்றும் கிடையாது. மே கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் போனால் பாலிசி செத்துவிடும், அந்த மாசம் மட்டும் அவர் கணக்கில் நூறு ரூபாய் இருக்கிறதா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. 18 முதல் 60 வயதுவரை பதியலாம், tnuwwb.tn.gov.in தளத்தில் இணையவழியே செய்யலாம். வேலை செய்கிறார் என்பதற்குச் சான்று வேண்டியிருக்கும், அதற்குக் கையெழுத்துப் போட்டால் நம் மேல் ஏதாவது வந்துவிடுமோ என்று வீட்டுக்காரர்கள் தயங்குகிறார்கள். ஒன்றும் வராது, தாராளமாகப் போடுங்கள். விபத்து மரணம், உறுப்பிழப்பு, பிள்ளைகளின் படிப்பு, முதுமை ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. அடிபட்ட பிறகு பதிந்தால் அந்த விபத்துக்குக் கிடைக்காது.

மருத்துவச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், குடும்ப வருமானம் வருஷம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால். அட்டை இருந்தாலும் திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரியில், திட்டத்தில் உள்ள சிகிச்சைக்கு, முன்னனுமதி வாங்கித்தான். பதற்றத்தில் பக்கத்து கிளினிக்கில் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்க முடியாது. அட்டையின் போட்டோ ஒன்றை உங்கள் போனில் வைத்திருந்தால் அந்த நேரத்துக்கு உதவும். 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் வருமே என்று சிலர் கேட்கிறார்கள், அது சாலை விபத்துக்கு.

"நான் வேலை பாக்குறவ. அவுக வீட்டுல வெந்நீர் கொட்டிக் கால் வெந்து போச்சு. ரெண்டாயிரம் கொடுத்துட்டு வேற ஆள் வச்சுட்டாக. வக்கீலுக்குக் கொடுக்க என்கிட்ட காசு இல்ல."

தாயி, வக்கீலுக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி கொடுக்க வேண்டும் என்று 1987ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. பாளையங்கோட்டை கோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தைக் கேளுங்கள், இல்லையென்றால் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மனு எழுதக்கூட அங்கே ஆள் உண்டு.

போகும்போது ஆஸ்பத்திரிச் சீட்டு, ஏ.ஆர். காப்பி, மருந்து வாங்கிய பில், காயத்தின் போட்டோ, அந்த வீட்டில் வேலை பார்த்ததற்கு ஏதாவது அடையாளம் கொண்டுபோங்கள். அந்த அம்மா போனில் அனுப்பிய 'நாளைக்குச் சீக்கிரம் வா' என்ற ஒரு மெசேஜ், சம்பளம் போட்ட ஜிபே வரி, இதெல்லாமே அடையாளம்தான், அழித்துவிடாதீர்கள். பெரும்பாலும் அந்த வீட்டுக்காரர்களுக்கு நோட்டீஸ் போய், உட்கார்ந்து பேசி முடிந்துவிடும். வெந்நீர் எப்படிக் கொட்டியது, பாத்திரத்தின் பிடி ஆடியதா, யார் தூக்கச் சொன்னது என்பதை மறக்கும் முன்னால் யாரையாவது வைத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏஜென்ஸி மூலமா அம்மாவைப் பார்த்துக்க ஆள் வச்சிருக்கோம். அவங்களுக்கு அடிபட்டா?"

சம்பளத்தை ஏஜென்ஸிக்குக் கட்டி, அவர்கள் ஆளுக்குக் கொடுக்கிறார்கள் என்றால் வேலைக்கு வைத்தவர் ஏஜென்ஸி. ஆனால் உங்கள் வீட்டு ஈரத்தரைக்கும் எர்த் இல்லாத கீசருக்கும் ஏஜென்ஸி பொறுப்பில்லை, அது உங்கள் கணக்குத்தான். ஒப்பந்தத்தில் ஆளுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறது என்று எழுதியிருந்தால் பாலிசி நகலைக் கேளுங்கள், பெயரும் தேதியும் சரிதானா பாருங்கள். ஆள் அடிக்கடி மாறுவார், பாலிசியில் பழைய ஆள் பெயரே இருக்கும்.

"எங்க வீட்டு நாய் கடிச்சிட்டு. அதுக்குமா?"

அதுக்கும்தான். கடிக்கும் நாயை வைத்துக்கொண்டு கட்டாமல் விட்டது கவனக்குறைவு, இதில் வாதாட ஒன்றுமில்லை. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள், மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்க வேண்டாம். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், ஊசி அங்கே இலவசம். நம் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கு என்பதற்காக அவர் ஊசியை விட்டுவிடக் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் எல்லாத் தேதிக்கும் போய்வர ஆட்டோவும் அந்த நாட்களின் சம்பளமும் உங்கள் செலவு.